சிவப்பு எழுத்தில் 6.4

பனமலை ஏரித் தண்ணீரில் நெல் பயிரிடுகிறவர் அந்தப் பெரியவர். வயது 61. வயிற்று வலி கிடையாது, எடை குறையவில்லை, பசிக்கும் குறைவில்லை. காலையில் மாட்டுக்குப் புல் அறுத்துப் போட்டுவிட்டு வந்தால் ஐந்து இட்லி சாப்பிடுவார். இருந்தாலும் சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு மனசு கேட்கவில்லை. “வயசாவுதுப்பா, ஒரு தடவை எல்லாத்தையும் பார்த்துடலாம்” என்று முழு உடல் பரிசோதனைக்குப் பணம் கட்டினார். பெரியவரும் விழுப்புரம் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் மகனின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. ‘சி.இ.ஏ.’ என்ற ஒரு வரி மட்டும் சிவப்பு எழுத்தில் இருந்தது. 5-க்குள் இருக்க வேண்டியது 6.4 இருந்தது. மகன் இணையத்தில் தேடினார். முதலில் வந்த சொல்லே ‘புற்றுநோய்’ என்பதுதான்.

அன்று இரவே உடம்பு முழுவதையும் ஸ்கேன் எடுக்கும் பேச்சு வந்தது. அம்மா கழுத்துச் செயினை அடகு வைக்கலாம் என்றார். பெரியவர் எதுவும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து வழக்கத்தைவிட இரண்டு பீடி கூடுதலாகப் பிடித்தார்.

அந்தப் பீடியில்தான் விஷயம் இருந்தது.

சி.இ.ஏ. என்பது ஒரு புரதம். கருவில் இருக்கும் குழந்தையின் குடலில் இது நிறைய சுரக்கும். பிறந்த பிறகு வெகுவாகக் குறைந்துவிடும். கனடாவின் மான்ட்ரியல் நகரில் பில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மேன் என்ற இரண்டு மருத்துவர்கள் 1965-ல் பெருங்குடல் புற்றுக்கட்டியில் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு சொட்டு ரத்தத்திலேயே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்ற பெரிய நம்பிக்கை அப்போது பிறந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த நம்பிக்கை தளர்ந்தது. புற்றுநோய் இல்லாத பலருக்கும் இது கூடுதலாக இருந்தது. ஆரம்பநிலைப் புற்றுநோய் இருந்த பலருக்கோ கூடவே இல்லை.

காரணம் எளிமையானது. இந்தப் புரதம் கட்டியில் மட்டும் உற்பத்தியாவதில்லை. நல்ல குடலும் நுரையீரலும்கூட கொஞ்சம் சுரக்கின்றன. புகை பட்டுப் பட்டு மூச்சுக்குழல் புண்பட்டால் சுரப்பு கூடும். குடலில் அழற்சி இருந்தாலும் கூடும். ரத்தத்திலிருந்து இதை அகற்றும் வேலை கல்லீரலுடையது என்பதால், கல்லீரல் பழுதானாலும் ரத்தத்தில் இது தேங்கும்.

வீட்டார் பெரியவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்கள். அங்கிருந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். “ஐயா, மலத்துல ரத்தம் போகுதா? போற பழக்கம் சமீபத்துல மாறியிருக்கா? வேட்டி தளர்ந்துபோச்சா? வீட்டுல யாருக்காவது குடல் புற்று வந்திருக்கா?” என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வந்தது. “பீடி?” என்றதும் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். ஒரு நாளைக்கு ஒரு கட்டு. நாற்பது வருஷப் பழக்கம்.

மகன் விடவில்லை. “மேடம், லிமிட்டைத் தாண்டியிருக்கே?” என்றார்.

டாக்டரம்மா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். பொதுவாக இப்படிப்பட்ட எல்லைக்கோட்டை, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் கீழே வரும்படி வகுப்பார்கள். அப்படியென்றால் மீதி ஐந்து பேர், எந்த நோயும் இல்லாமலேயே கோட்டைத் தாண்டுவார்கள். இப்போது எந்தத் தொந்தரவும் இல்லாத 1,000 பேருக்கு இந்தப் பரிசோதனை செய்வதாக வைத்துக்கொள்வோம். அதில் 2 பேருக்குக் குடல் புற்று மறைந்திருக்கிறது என்று தாராளமாகவே கணக்கு வைப்போம். அந்த 2 பேரில் ஒருவரை இந்தப் பரிசோதனை காட்டும், இன்னொருவரைத் தவறவிடும். நோயே இல்லாத சுமார் 50 பேருக்கும் சிவப்பு எழுத்து வரும். ஆக, சிவப்பு எழுத்து வந்த 51 பேரில் நோய் இருப்பது ஒருவருக்குத்தான். அந்த 51 பேரும் ஸ்கேனுக்கும் குடல் உள்நோக்கிப் பரிசோதனைக்கும் ஓடினால், 50 பேருக்குச் செலவும் பயமும்தான் மிச்சம்.

“புகைக்கிறவங்களுக்கு இந்தக் கோடே கொஞ்சம் மேல இருக்கணும். 20, 30-ன்னு வந்திருந்தா நானே உங்களை இன்னைக்கே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன். 6.4-க்கு அவசரமில்ல. ஆனா தூக்கியும் போட மாட்டேன்” என்றார் அவர்.

அவர் செய்தவை அதிகமில்லை. வயிற்றையும் ஆசனவாயையும் கையால் பரிசோதித்தார். ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்தார். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்றும் பார்த்தார். பீடிக்காக நெஞ்சு எக்ஸ்ரே, கல்லீரலுக்காக வயிற்று ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. ஆறு வாரம் கழித்து அதே லேபில் மறுபடி சி.இ.ஏ. பார்க்கச் சொன்னார். லேபுக்கு லேப் அளக்கும் முறை மாறும்; ஒரே ரத்தத்துக்கு வேறு வேறு எண் வரலாம். அதனால் லேபை மாற்றிவிட்டு இரண்டு எண்களை ஒப்பிட்டால் ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது.

மறுமுறை 6.1 வந்தது. டாக்டரம்மா எதிர்பார்த்தது இதைத்தான். கட்டி வளர்ந்தால் பொதுவாக எண்ணும் மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகும். அதே இடத்தில் நின்றாலோ இறங்கினாலோ வேறு காரணத்துக்கே வாய்ப்பு அதிகம். அதற்குள் பெரியவர் பீடியைக் குறைத்திருந்தார், பிறகு நிறுத்தியேவிட்டார். அடுத்த மூன்று மாதத்தில் எண் 4.2-க்கு வந்தது. செயின் அடகுக்குப் போகவில்லை.

கல்லீரல் புற்றுக்கான குறியீடு என்று சொல்லப்படும் ஏ.எஃப்.பி.யின் கதையும் ஏறக்குறைய இதேதான். கர்ப்பிணிகளுக்கு அது இயல்பாகவே கூடும். மஞ்சள் காமாலை வைரஸ் கல்லீரலைத் தாக்கும்போதும் லேசாக ஏறும். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள், கல்லீரல் சுருங்கியவர்கள் ஆகியோருக்குக் கல்லீரல் புற்று வரும் அபாயம் உண்மையிலேயே அதிகம். அவர்கள் லேசான ஏற்றத்தைக்கூட ‘சும்மா’ என்று விடக் கூடாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது அவர்களுக்கு அவசியம். எண் ஒன்றாக இருந்தாலும், யாருடைய ரத்தத்தில் வந்தது என்பதைப் பொறுத்து அதன் அர்த்தம் மாறுகிறது.

அப்படியானால் சி.இ.ஏ. எதற்குத்தான்? பெருங்குடல் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அது நல்ல காவலாளி. அறுவைக்குப் பிறகு எண் இறங்கிவிடும். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து வருவார்கள். திரும்ப ஏறத் தொடங்கினால், நோய் திரும்புகிறதா என்று தேட ஆரம்பிப்பார்கள். இருக்கும் நோயைப் பின்தொடர உதவுவது, இல்லாத நோயைத் தேடும்போது குழப்பிவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆபத்து அங்கேதான் அதிகம். மலத்தில் ரத்தம் போகிறது, பல வாரமாக வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறி மாறி வருகின்றன, காரணமில்லாமல் எடை குறைகிறது என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய சி.இ.ஏ. 2 என்று கறுப்பு எழுத்தில் வருகிறது. ‘அப்பாடா, புற்றுநோய் இல்லை’ என்று அவர் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. 6.4 எப்படிப் புற்றுநோய் என்று சொல்லவில்லையோ, அப்படியே இந்த 2-ம் புற்றுநோய் இல்லை என்று சொல்லவில்லை. அவர்தான் டாக்டரிடம் முதலில் போக வேண்டியவர்.