எண்களுக்கு நடுவே ஓர் எழுத்து

மதிப்பெண் பட்டியலில் எண்களைப் படிக்க யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாஸ் மார்க்கைத் தாண்டியிருந்தால் நிம்மதி, தாண்டாவிட்டால் கலக்கம். எண் இருக்க வேண்டிய கட்டத்தில் ஓர் எழுத்தோ பாதிச் சொல்லோ வந்து உட்கார்ந்துகொள்ளும்போதுதான் குடும்பமே குழம்பிப் போகிறது. பெங்களூரில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஒரே தெருவில் ஒரு பிள்ளை கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி., இன்னொன்று சி.பி.எஸ்.இ., மற்றொன்று தமிழ்நாட்டில் பத்தாவது முடித்துவிட்டு இங்கே பி.யூ.சி. சேர வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குறியீடு.

ஸ்ரீராமபுரத்தில் வசிக்கும் அந்தப் பெரியவர் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முடிவுகள் வரும் மாதங்களில் அவர் வீட்டுத் திண்ணை காலியாக இருப்பதில்லை. யார் வந்தாலும் முதலில் பட்டியலை வாங்கிப் பின்பக்கம் திருப்புவார். பெரும்பாலான வாரியங்கள் குறியீடுகளின் விளக்கத்தைப் பொடி எழுத்தில் அங்கேதான் அச்சிடுகின்றன. "மார்க்கை அப்புறம் பாக்கலாம். இந்த எழுத்து யாரை வேலை செய்யச் சொல்லுதுன்னு முதல்ல பாக்கணும்" என்பார்.

2019 கோடையில் வந்த ஒரு தகப்பன், மகளைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பும் முடிவோடு வந்தார். பெண் சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு. நான்கு பாடங்களில் நல்ல மதிப்பெண். இயற்பியலில் 49. ஆனால் முடிவு என்ற இடத்தில் COMP என்றிருந்தது.

"சார், 33 எடுத்தா பாஸ்னு சொல்றாங்க. இவ 49 எடுத்திருக்கா. அப்புறம் ஏன் ஃபெயில்? அதென்ன கம்பார்ட்மென்ட்? ரயில் பெட்டியா?"

பெரியவர் மொத்தத்தை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரண்டு கட்டங்களைக் காட்டினார். எழுத்துத் தேர்வில் 70க்கு 21. செய்முறையில் 30க்கு 28. கூட்டினால் 49 வருகிறது, உண்மைதான். ஆனால் அந்த வாரியத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 33 சதவீதம் வேண்டும். 70க்கு 33 சதவீதம் என்றால் 23. பெண்ணுக்குக் குறைந்தது இரண்டே மதிப்பெண். செய்முறையில் வாங்கிய 28 அந்தப் பள்ளத்தை நிரப்பாது. FT என்றால் எழுத்துத் தேர்வில் தோல்வி, FP என்றால் செய்முறையில் தோல்வி என்று அந்த வாரியம் அப்போது இரண்டு குறியீடுகள் வைத்திருந்ததே இதற்காகத்தான்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'அரியர்' என்றும் பெங்களூர்க் கல்லூரிகளில் 'பேக்லாக்' அல்லது 'கேரி ஓவர்' என்றும் சொல்வதற்கு நெருங்கிய உறவுதான் கம்பார்ட்மென்ட். மற்ற அறைகளையெல்லாம் பூட்டி முத்திரை வைத்தாயிற்று, ஓர் அறை மட்டும் திறந்திருக்கிறது என்று பொருள். அப்போதைய விதிப்படி ஒரு பாடத்தில் மட்டும் தவறியவருக்கே இந்தச் சலுகை. அந்த ஜூலையில் ஒரு வாய்ப்பு, அடுத்த மார்ச்சில் ஒன்று, அதற்கடுத்த ஜூலையில் ஒன்று என மொத்தம் மூன்று. மூன்றும் போனால் எல்லாப் பாடங்களையும் மறுபடி எழுத வேண்டும். செய்முறையில் தேறிய மதிப்பெண் அப்படியே தொடரும்.

ஆகவே அந்தப் பெண் செய்ய வேண்டியது மிகச் சிறிய வேலை. ஆய்வகத்துக்குப் போக வேண்டாம், வேதியியலைத் தொட வேண்டாம். குறித்த தேதிக்குள் பள்ளி மூலமாக விண்ணப்பித்து ஒரே ஒரு தாளை எழுத வேண்டும். ஜூலையில் எழுதினாள். 34 வந்தது. பழைய 28ஐச் சேர்த்து 62. அந்த ஆண்டே பி.எஸ்சி. சேர்ந்தாள். தகப்பன் வேலைக்குச் சொல்லி வைத்திருந்த இடத்தில் வேறு யாரோ சேர்ந்துகொண்டார்கள்.

வாரியமும் அந்தச் சொல்லின் சங்கடத்தை உணர்ந்திருக்க வேண்டும். 2020இல் 'ஃபெயில்' என்பதை எடுத்துவிட்டு 'கட்டாயம் மறுமுறை எழுத வேண்டியவர்' என்ற பொருள்படும் சொல்லைப் போட்டது. 2023இல் கம்பார்ட்மென்ட் போய் 'சப்ளிமென்டரி' வந்தது. ஆனால் பழைய பட்டியல்கள் பழைய சொல்லோடுதான் பீரோவில் இருக்கின்றன. வேலைக்குப் போகும்போதும் பாஸ்போர்ட் எடுக்கும்போதும் அவைதான் வெளியே வருகின்றன. முதல் பட்டியலோடு பிறகு தேறிய பட்டியலையும் சேர்த்து வைத்திருந்தால்தான் கதை முழுமை பெறும்.

கம்பார்ட்மென்ட் மாணவரை வேலை செய்யச் சொல்கிறது. 'ஆப்சென்ட்' அப்படியல்ல. அது உண்மையா பொய்யா என்று முதலில் பார்க்க வேண்டும்.

விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முடிவுப் பக்கத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஓர் எழுத்து வரும். P தேர்ச்சி, F தோல்வி, A வரவில்லை, W நிறுத்திவைப்பு, X அல்லது NE தகுதியில்லை. ஒரு பொறியியல் மாணவனின் பட்டியலில் ஒரு பாடத்துக்கு உள் மதிப்பீடு 38, தேர்வு 0, மொத்தம் 38, பக்கத்தில் A. பையன் தேர்வுக்குப் போனது மட்டுமல்ல, கூடுதல் தாள் வாங்கி எழுதியவன். நண்பர்கள் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். அவனும் கட்டத் தயாராக இருந்தான்.

பெரியவர் தடுத்தார். "தம்பி, F வந்தா பேப்பர் இருக்கு, மார்க் கம்மி. மறுமதிப்பீடு கேக்கலாம். A வந்தா அவங்க கணக்குல உன் பேப்பரே இல்ல. இல்லாத பேப்பரை யார் திருத்துவாங்க?"

வராதவன் என்று எழுதியவர்களிடம் வந்ததற்கான அத்தாட்சியைக் காட்டுவதுதான் வழி. அது இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று, மாணவன் கையிலுள்ள ஹால் டிக்கெட். ஒவ்வொரு தேர்வன்றும் அறைக் கண்காணிப்பாளர் அதில் கையெழுத்துப் போடுவார். இன்னொன்று, மாணவன் விடைத்தாள் எண்ணுக்கு எதிரே கையெழுத்திட்ட வருகைத்தாள். அதன் நகல் தேர்வு மையத்தில் இருக்கும். இரண்டையும் இணைத்து முதல்வர் மூலமாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார்கள். சில வாரங்களில் விடை தெரிந்தது. பையன் தன் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை முன்பக்கத்தில் இடம் மாற்றி எழுதியிருந்தான். விடைத்தாள் உரிமையாளர் இல்லாமல் காத்துக் கிடந்திருக்கிறது. அது அவனிடம் வந்து சேர்ந்தபோது A போய் P வந்தது. தேர்வு முடிந்ததும் ஹால் டிக்கெட்டைத் தூக்கிப்போட்டிருந்தால் அவன் வழக்குக்கு ஆதாரம் பாதியாகியிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மெய்யாகவே காய்ச்சலில் படுத்துத் தேர்வுக்குப் போகாதவருக்கு மருத்துவச் சான்றிதழ் காட்டினால் மதிப்பெண் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. A என்பது பூஜ்யம் அல்ல, ஆனால் தேர்ச்சியும் அல்ல. அடுத்த தேர்வில் அந்தத் தாளை எழுதியே ஆக வேண்டும். உள் மதிப்பீட்டில் தேறியிருந்தால் அது மட்டும் காப்பாற்றப்படும்.

'வித்ஹெல்ட்' என்ற சொல்தான் வீட்டில் அதிகப் பழியைக் கொண்டுவருகிறது. பிள்ளை காப்பியடித்து மாட்டிக்கொண்டது என்று அக்கம்பக்கம் முடிவு கட்டிவிடும். விசாரணை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் செய்முறை மதிப்பெண்ணைப் பள்ளி அனுப்பாதது, பதிவில் பெயர் அல்லது தகுதிச் சான்று சரியில்லாதது, கட்டணம் போய்ச் சேராதது எல்லாமே அதே சொல்லில்தான் வரும். பெரியவர் ஓர் அடையாளம் சொல்கிறார். எல்லாப் பாடங்களும் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் பதிவு, கட்டணம், தகுதி சார்ந்த அலுவலகச் சங்கதி. ஒரு பாடத்தில் மட்டும் W என்றால் அந்தத் தாளின் விசாரணையோ அந்தப் பாடத்தின் உள் மதிப்பெண் வராததோ. எப்படியானாலும் பிள்ளையைத் திட்டுவதற்கு முன் பள்ளி அலுவலகத்தில் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும்.

மாணவருக்குச் சம்பந்தமே இல்லாமலும் முடிவு நிற்கும். 2024இல் கர்நாடக அரசு 5, 8, 9ஆம் வகுப்புகளுக்கு வாரியத் தேர்வு நடத்தியது. மார்ச் மாதம் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதை ரத்து செய்தார், டிவிஷன் பெஞ்ச் அனுமதித்தது. ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் முடிவுகளை வெளியிடக்கூடாது என்று நிறுத்தியது. பத்து வயதுக் குழந்தைகளின் முடிவு தில்லியில் நின்றது.

கடைசியாக 'புரமோட்டட்'. இதில் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, மேல் வகுப்புக்கு அனுப்பியாயிற்று. ஆனால் பிற்காலத்தில் அதிகம் விளக்கம் சொல்ல வேண்டியிருப்பது இதற்குத்தான். 2021இல் கொரோனாவால் கர்நாடகத்தில் இரண்டாம் பி.யூ.சி. தேர்வு ரத்தானது. எல்லோரும் தேர்ச்சி. ஆனாலும் பட்டியலில் மதிப்பெண் இருந்தது. பத்தாம் வகுப்புக்கு 45 சதவீதம், முதல் பி.யூ.சி.க்கு 45, உள் மதிப்பீட்டுக்கு 10 என்று கணக்கிட்டார்கள். பத்தாவதில் 80, முதல் பி.யூ.சி.யில் 60, உள் மதிப்பீடு முழுதாகப் 10 வாங்கியவருக்கு 36, 27, 10 சேர்ந்து 73. எழுதாத தேர்வின் மதிப்பெண் பதினைந்து வயதில் எழுதிய தேர்விலிருந்து வந்தது. அந்த ஆண்டு 600க்கு 600 வாங்கியவர்கள் 2,239 பேர்.

அதே 2021இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களின் பட்டியலில் மதிப்பெண்ணே இல்லை, தேர்ச்சி என்ற சொல் மட்டும்தான். அப்படி ஒரு பட்டியலோடு திருவண்ணாமலையிலிருந்து பெங்களூர் வந்த பையனிடம் இன்றும் விண்ணப்பப் படிவங்கள் சதவீதம் கேட்கின்றன. எண் போடாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது. நண்பர்கள் 35 போடு என்கிறார்கள். சிலர் 80 போடு என்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம் என்கிறார் பெரியவர். இல்லாத மதிப்பெண்ணை எழுதினால் சான்றிதழ் சரிபார்ப்பில் அது பொய்த் தகவலாகிவிடும். அந்த ஆண்டு மதிப்பெண் வழங்கப்படவில்லை என்று பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கிப் பட்டியலோடு வைத்துக்கொண்டு, விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் என்ன நிரப்புவதென்று எழுதிக் கேட்க வேண்டும். பையன் அப்படித்தான் செய்கிறான். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு நாள் அதிகம் ஆகிறது. கடிதத்தின் நகல்கள் தீர்ந்தால் மறுபடி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்கிறான்.