கெம்பஸா, கட்டாரா?

ஏ.எல். எழுதிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு கணக்கு.

கெம்பஸ் கிடைத்தாலும், காத்திருப்பும் நான்கு வருடப் படிப்பும் சேர்ந்து பட்டம் முடிய பெரும்பாலும் 25 வயதாகிவிடும். என்.வி.கியூ. 4 எடுத்த எலெக்ட்ரீசியன் 21இல் கட்டார் போய், மாதம் 80,000 ரூபா மிச்சம் பிடித்தால், 25இல் அவன் கையில் 38 இலட்சம்.

ஆனால் சான்றிதழ் இல்லாதவன் அதே சைட்டில் ஹெல்பராகத்தான் நிற்பான். விசிட் விசாவில் போனவனுக்குச் சம்பளம் நின்றால், காட்டி முறையிட ஒப்பந்தமே இருக்காது. ஒப்பந்தத்தில் தொழிலின் பெயரையும் அடிப்படைச் சம்பளத்தையும் பாருங்கள். வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் அனுப்பாதீர்கள்.

ஒப்பந்தம் முடிந்தால் வருமானமும் முடியும். பட்டதாரியின் அரச வேலை அப்படியல்ல. ஆனால் என்.வி.கியூ. 7 பட்டத்துக்குச் சமம். 4 எடுத்தவனுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.