பீரோவுக்குள் இருக்கும் பவுன்

"நகையெல்லாம் மாமியார் பீரோவிலே இருக்கு, ஸார். கேட்டால் சண்டைதான்!" என்றாள், தாம்பரத்தில் பிறந்தகத்துக்கு வந்துவிட்ட ஒரு பெண்.

பீரோ மாமியாருடையது; சாவியும் அவருடையது. ஆனால் உள்ளேயிருக்கும் பவுன் யாருடையது, சொல்லுங்கள் பார்ப்போம்!

அந்தப் பெண்ணுடையதேதான். கல்யாணத்தின்போதும் அதற்கு முன்னும் பின்னும், இரு வீட்டாரும் அவளுக்கென்று கொடுத்ததெல்லாம் ஸ்திரீதனம். அதை வைத்திருக்கும் கணவன் வெறும் காவல்காரன் என்று 1985-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் மட்டும் இதில் சேராது.

"கொடுத்ததற்குச் சாட்சி இல்லையே?" என்பீர்கள். கேரளத்தில் 2003-ல் மணமான ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள். பத்திரமாக இருக்கட்டுமென்று கணவர் முதல் இரவிலேயே 89 பவுனை வாங்கித் தம் தாயாரிடம் கொடுத்தார். அது அவர்கள் கடனுக்குப் போய்விட்டது என்பது அவள் புகார். குடும்பக் கோர்ட்டில் ஜயித்தாள். ஹைகோர்ட்டில் சாட்சியம் போதாதென்று தோற்றாள். 2024 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. முதல் இரவில் கணவனிடம் ரசீது கேட்பவள் உண்டா? யார் சொல்வது நம்பத் தகுந்தது என்று பார்த்தாலே போதும்.

தாம்பரத்துப் பெண்ணிடம் சொன்னேன்: "நகைக்கடை பில், கல்யாண போட்டோ இரண்டையும் தேடி எடு. ஒவ்வொரு நகைக்கும் எடையோடு பட்டியல் எழுது. 2005-ம் வருஷக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், ஸ்திரீதனத்தைத் தராமல் வைத்திருப்பதும் கொடுமைதான். செங்கல்பட்டு மாவட்டப் பாதுகாப்பு அதிகாரி மனு எழுத உதவுவார். நீ தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட்டிடமே கொடுக்கலாம். புருஷன் ஊருக்கு அலைய வேண்டாம்."

அன்று மாலையே அவள் கல்யாண ஆல்பத்தைப் புரட்ட ஆரம்பித்தாள்.