பார்வை விட்டுப்போன கடிதம்

முப்பத்தோரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், இடம், நாள், உறைமேல் முகவரி என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்ததே என் பிழைப்பு. ‘பொருள்’ எழுதாதவனுக்கு மதிப்பெண்ணை வெட்டியிருக்கிறேன். அலுவலகக் கடிதம் என்றால் பொருளுக்கு அடியில் ‘பார்வை’ என்று ஒரு வரி உண்டு, எந்த எண்ணுள்ள எந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று அதில்தான் சொல்ல வேண்டும் என்பதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு வங்கிக்கு எழுதிய மின்னஞ்சலில் பொருளும் இல்லை, பார்வையும் இல்லை. அதனால் ஒரு பெண் அதிகாரியின் காலைப்பொழுது வீணானது. என் அக்கா உத்தமபாளையத்தில் மூன்று மணி நேரம் காத்திருந்தார். அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிட மோசம். அதையும் சொல்கிறேன்.

காமயகவுண்டன்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அப்பா வாங்கியது, இப்போது அக்கா பெயரும் என் பெயரும் கூட்டாக. பந்தலின் கல்தூண்கள் சாய்ந்து கம்பியும் துருப்பிடித்துவிட்டதால் புதுப்பிக்க நாலு லட்சம் கடன் கேட்டிருந்தேன். கடன் அனுமதியாகிவிட்டது. அசல் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து, அந்த ஒப்படைப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது மட்டும் பாக்கி. எங்கள் பக்கம் இதை ‘எம்.ஓ.டி. போடுவது’ என்பார்கள். மே 7, புதன்கிழமை காலை 11.30-க்கு உத்தமபாளையத்தில் டோக்கன். அக்காவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும், வங்கியின் சார்பில் அந்த அதிகாரியும் போட வேண்டும்.

என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது எனக்கு வங்கியோடு ஒரு சந்திப்பு, அவ்வளவுதான். உண்மையில் அந்தத் தேதி மூன்று இடங்களில் கட்டப்பட்டிருந்தது. பதிவுத்துறையின் இணையதளத்தில் டோக்கனாக இருந்தது. அதிகாரியின் நாட்குறிப்பில், கிளையை விட்டு வெளியே போகும் நேரமாகக் குறிக்கப்பட்டிருந்தது. போடியிலிருந்து தேவாரம் வழியாகப் பஸ் ஏறி வர வேண்டிய அக்காவின் நாளாகவும் இருந்தது. ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்ற இரண்டையும் அவிழ்த்தாக வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

எனக்கு நேரம் இருந்தது. புதன்கிழமை பழம் வெட்ட ஆள் கொண்டுவருகிறேன், வண்டி கேரளாவுக்குப் போகிறது என்று வியாபாரி ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டார். மழை ஒன்று பெய்தால் பழம் வெடித்துவிடும், விலை பாதியாகும். எனவே வெட்டை ஒத்திவைக்க முடியாது. திங்கட்கிழமை காலை வங்கிக்கு ஒரு போன் போட்டிருந்தால் முடிந்திருக்கும். போடவில்லை. அந்த அதிகாரி ஏற்கெனவே ஒருமுறை எனக்காகத் தேதி மாற்றியவர். திரும்பக் கேட்கக் கூச்சம். செவ்வாய் இரவு 10.40-க்கு, இனி யாரும் போனை எடுக்க மாட்டார்கள் என்று உறுதியான பிறகு, மின்னஞ்சல் எழுதினேன். எதிரில் ஆள் இல்லாமல் தப்பிப்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

அனுப்பியது இதுதான். பொருள் என்ற இடத்தில் ‘வணக்கம்’ என்று மட்டும் இருந்தது.

“பெருமதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தவிர்க்க இயலாத காரணத்தால் நாளை தங்களைச் சந்திக்க இயலாத நிலையில் இருக்கிறேன். திராட்சை விவசாயிகளின் பாடு தாங்கள் அறியாததல்ல...”

இப்படிப் பன்னிரண்டு வரி. மழை, வியாபாரி, விலை எல்லாம் வந்துவிட்டது. கடைசியில் “அடுத்த வெள்ளி தவறாமல் வந்துவிடுகிறேன்” என்று முடித்து, என் பெயரை மட்டும் போட்டேன். பெறுநர் ஒரு பெண் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ‘ஐயா’ என்றே எழுதியிருக்கிறேன், பழக்கம்.

அதைக் கிளையின் பொது முகவரிக்கு அனுப்பினேன். போனது என் மகனின் மின்னஞ்சலிலிருந்து. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் அவன் பழைய போனை எனக்குக் கொடுத்தபோது அவன் கணக்கு அதிலேயே இருந்தது, நான் மாற்றவில்லை. வங்கியில் நான் பதிந்துவைத்திருக்கும் முகவரி வேறு. ஆக, காலையில் கிளையில் யாரோ அதைத் திறந்தபோது அவர்கள் கண்டது இவ்வளவுதான்: தெரியாத ஒருவரின் முகவரியிலிருந்து, எந்தக் கடன் என்றோ எந்தச் சந்திப்பு என்றோ சொல்லாமல், திராட்சை பற்றி ஒரு கட்டுரை. அதிகாரி பத்து மணிக்கே உத்தமபாளையம் கிளம்பிவிட்டிருந்தார். நான் போனை மோட்டார் ரூமில் வைத்துவிட்டுப் பந்தலுக்குள் இருந்தேன்.

மதியம் ஒன்றரை மணிக்குப் போனை எடுத்தால் பதினேழு அழைப்பு. அக்காவைக் கூப்பிட்டேன். “எங்கடா தம்பி இருக்க, அந்தப் பொண்ணு பாத்துட்டு எந்திரிச்சுப் போயிருச்சு” என்றார். நான் யோசிக்கவே இல்லை, வாய் சொல்லிவிட்டது: “பேங்க்ல தேதியை மாத்திட்டாங்கக்கா. மெயில்ல பேசியாச்சு. அந்தம்மாவுக்குத் தகவல் போகலை போல.”

மெயில் அனுப்பியது உண்மை என்பதால் பொய் சொன்னது போலவே எனக்குத் தோன்றவில்லை. அதுதான் இதில் எனக்கு இன்னும் கசப்பது.

மாலையில் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. கோபம் இல்லை, மூன்றே கேள்வி. கடன் விண்ணப்ப எண் என்ன? இது உங்கள் மின்னஞ்சல்தானா, பதிவு செய்த முகவரியிலிருந்து அனுப்ப முடியுமா? ‘அடுத்த வெள்ளி’ என்றால் 9-ஆம் தேதியா, 16-ஆம் தேதியா?

மூன்றாவது கேள்வியின் கூர்மை எனக்கு அப்புறம்தான் விளங்கியது. நான் நினைத்தது 16. ஆனால் செவ்வாய்க்கிழமை எழுதிய ‘அடுத்த வெள்ளி’ என்பதை 9 என்றும் படிக்கலாம். அந்த 9-ஆம் தேதி வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் தேர். சித்திரைத் திருவிழாவின் வெள்ளிக்கிழமைத் தேருக்கு மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். அந்த விடுமுறை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின்படி வருவதில்லை. அதனால் வங்கி திறந்திருக்கும், சார்பதிவாளர் அலுவலகம் பூட்டியிருக்கும். மறுநாள் 10-ஆம் தேதி இரண்டாம் சனி, வங்கி இல்லை. பிறந்ததிலிருந்து வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிற எனக்கு இது தெரியாதா? தெரியும். எழுதும்போது நாட்காட்டியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிரவு இரண்டாவது கடிதம் எழுதினேன், என் சொந்த முகவரியிலிருந்து. இப்படி:

“பொருள்: எம்.ஓ.டி. பதிவுச் சந்திப்பு மே 7 – வேறு தேதி வேண்டுதல் – கடன் விண்ணப்ப எண் (முழு எண்).

பார்வை: தங்கள் கிளையின் கடன் அனுமதிக் கடிதம் (எண், நாள்).

அம்மையீர், மே 7, புதன் காலை 11.30-க்கு உத்தமபாளையத்தில் இருந்த பதிவுக்கு நான் வரவில்லை. தவறு என்னுடையது. மே 14, புதன் அல்லது மே 16, வெள்ளி, இரண்டில் எந்த நாளும் காலை 10.30-க்குப் பிறகு நானும் கூட்டு உரிமையாளரான என் அக்காவும் வர முடியும். அவரிடம் கேட்டுவிட்டேன். புதிய டோக்கன் கிடைத்த நாளைத் தெரிவித்தால் உறுதி செய்கிறேன். சேமிப்புக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் கீழே. கைபேசி எண் தங்களிடம் பதிந்துள்ளதே.”

திராட்சை பற்றி ஒரு சொல் இல்லை. காரணம் ஒரு வரியில் அடங்கும், சொல்லாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. ஆதார் எண்ணையோ முழுக் கணக்கு எண்ணையோ எழுதவில்லை. மின்னஞ்சல் எத்தனை பேர் கண்ணில் படும் என்று நமக்குத் தெரியாது, ஆளை அடையாளம் காண விண்ணப்ப எண்ணே போதும். ‘அக்காவிடம் கேட்டுவிட்டேன்’ என்ற வரி மட்டும் நான் அனுப்பிய நேரத்தில் உண்மை இல்லை. அனுப்பிவிட்டுத்தான் கேட்டேன். பார்த்தீர்களா, திருந்திய கடிதத்திலும் ஒன்று.

மறுநாள் காலை 10.20-க்குப் பதில் வந்துவிட்டது: 16, வெள்ளி, 11.00. கூடவே ஒரு வரி, தேதி தள்ளிப்போனதால் வில்லங்கச் சான்றை அன்றைய தேதி வரைக்கும் புதிதாகப் பார்க்க வேண்டும் என்று. நான் வராமல் போனதற்கு யாரோ ஒருவர் கூடுதலாகச் செய்யவேண்டிய வேலை அது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதம் பலித்ததற்குக் காரணம், வங்கித் தேதியைக் கையில் வைத்திருந்தது ஒரு மனிதர். தேதியை இணையதளமே வைத்திருக்கும் இடத்தில் எவ்வளவு நல்ல மின்னஞ்சலும் பயன்படாது. பதிவு அலுவலக டோக்கனைக் கடிதம் எழுதி மாற்ற முடியாது, தளத்திலேயே வேறு எடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டும் அப்படியே. என் தங்கை மகன் பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு மெயில் போட்டுவிட்டேன் என்று நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். தேதி ஒதுக்கிய அதே கணக்கில் நுழைந்து மாற்றடா என்று சொல்ல அப்போது எனக்கும் தெரியவில்லை.

16-ஆம் தேதி அக்கா எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார், தூக்குவாளியில் எனக்கும் சேர்த்துப் புளிச்சோறு. அதிகாரி வந்ததும் அக்கா எழுந்து, “நீங்க தேதியை மாத்துனா முன்கூட்டியே ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம்மா, வயசான உடம்பு” என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் பத்திரத்தின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். “சாரிம்மா” என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

கடன் வந்துவிட்டது, பந்தலும் போட்டாயிற்று. அக்கா இன்றுவரை அந்த வங்கிக்காரர்கள் மேல் வருத்தமாகத்தான் இருக்கிறார்.