ஐந்து நிமிடம்

குக்கர் விசிலுக்கே நெஞ்சு படபடத்த காலம் ஒன்று எனக்கு இருந்தது. இரவு பத்து மணிக்குக் கைபேசி ஒலித்தால் வயிற்றுக்குள் ஏதோ கழன்று விழும். எதற்குப் பயம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஏதோ நடக்கப்போகிறது என்று உடம்பு எந்நேரமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது, அவ்வளவுதான். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. விடியுமுன் எழுந்து சமைத்து, மாமியாருக்கு இன்சுலின் போட்டு, இரண்டு பேருந்து மாறிப் பள்ளிக்குப் போய், மாலையில் திரும்பி மறுபடி அடுப்படி. ராத்திரி படுத்தால் தூக்கம் வராது. வந்தால் மூன்று மணிக்குக் கலைந்துவிடும்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தினமும் கொஞ்சம் வாக்கிங் போங்கம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாள் பூரா நடந்துகிட்டுத்தானே டாக்டர் இருக்கேன்?" அவர் சிரிக்கவில்லை. "அது வேலை. நான் சொல்றது நடை" என்றார்.

அந்தப் பதில் பல நாள் என்னை உறுத்தியது. பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அவர் வாய்ஜாலம் காட்டவில்லை. ஓய்வு நேரத்தில் விரும்பிச் செய்யும் உடற்பயிற்சிக்கும் மன நலத்துக்கும் தெளிவான தொடர்பு இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளில், வீட்டு வேலைக்கு அந்தத் தொடர்பு பெரும்பாலும் தெரிவதில்லை. எனக்கு இது வியப்பாக இல்லை. அடுப்படிக்கும் குளியலறைக்கும் இடையே நான் நடக்கும்போது ஒரு காது பாலில், ஒரு காது மாமியாரின் கட்டிலில். நாலு எட்டு வைத்தால் யாராவது கூப்பிடுவார்கள். இதயம் ஒரு சீரான வேகத்துக்கு வரவே வராது; காவலும் இறங்காது. உழைத்துத் தேய்வது வேறு, உடம்பைப் பழக்குவது வேறு. இதைப் பெண்களுக்கு யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

ஆனால் நடையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. மாதவிடாய் எட்டு நாள் நீடிப்பதை "எல்லாருக்கும் இருக்கறதுதானே" என்று வருடக்கணக்கில் நான் கடத்தியிருந்தேன். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் பொருள் குறைந்தால், இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் சும்மா இருக்கும்போதே படபடப்பதும் அதனாலும் இருக்கலாம் என்றார். மனசு என்று நான் நினைத்ததில் ஒரு பங்கு இரும்புச்சத்துக் குறைவு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தசோகை உள்ளவர்கள். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு நான் என்னைச் சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தேன். மாத்திரை தந்தார். காபி, டீயோடு சேர்த்துப் போடக்கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு போடலாம் என்றார்.

ஒரு மாதம் கழித்து, கொஞ்சம் தெம்பு வந்ததும் நான் செய்த முதல் காரியம் தப்பு. ஞாயிற்றுக்கிழமை, பள்ளியில் உடன் வேலை பார்க்கும் டீச்சரோடு சேர்ந்து முக்கால் மணி நேரம் வேக நடை. அன்று பெருமையாக இருந்தது. திங்களும் செவ்வாயும் எழுந்திருக்க முடியவில்லை. உனக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று நானே தீர்ப்பு எழுதி மூன்று வாரம் விட்டுவிட்டேன்.

டாக்டரம்மா திருத்தியது இந்த இடத்தில்தான். ஐந்து நிமிடம் போதும், அதற்கு மேல் போகாதீர்கள் என்றார். முடிக்கும்போது 'இன்னும் கொஞ்சம் போகலாமே' என்று தோன்ற வேண்டும். மறுநாள் காலை வழக்கத்தைவிடக் கூடுதலாக அசதி இருக்கக்கூடாது. இருந்தால் முந்தின நாள் அதிகம் என்று அர்த்தம், குறைக்க வேண்டும். ஒரு வாரம் சரியாகப் போனால் இரண்டு நிமிடம் கூட்டலாம். கொஞ்சம் நடந்தாலும் இரண்டு மூன்று நாள் படுத்தே கிடக்கும்படி ஆகிறவர்கள், அதிலும் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு அப்படி ஆகிறவர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டக்கூடாது. டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

எப்போது நடப்பது என்பது அடுத்த சிக்கல். வேலையெல்லாம் முடிந்த பிறகு என்று வைத்தால் அந்தப் 'பிறகு' வராது. வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் நான் அடுப்படியின் ஆள். அதனால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே பேருந்திலிருந்து இறங்கினேன். அங்கிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிடம். வெளிச்சம் இருக்கும், கையில் பை இருப்பதால் 'எங்கே போகிறாய்' என்ற கேள்வியும் இல்லை. ஒரு பெண் தெருவில் சும்மா நடக்க இன்னும் ஒரு காரணத்தைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. மழை நாளில் மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டோரம் சுவரில் கை ஊன்றிப் பத்துத் தண்டால். நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவது.

ஐந்தாவது வாரம், பதின்மூன்று நிமிட நடையில், மேடான தெருவில் நெஞ்சு தடதடவென்று அடித்தது. வியர்த்தது. மாரடைப்புதான் என்று ஒரு மளிகைக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் டாக்டரம்மா பரிசோதித்து, இசிஜி எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். பிறகு சொன்னதுதான் எனக்குத் திருப்பம். பயம் வரும்போது என்ன ஆகிறது? நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். வேகமாக நடந்தாலும் அதேதான். வருடக்கணக்கில் இந்த அறிகுறிகளை ஆபத்து என்றே உடம்பு படித்து வைத்திருக்கிறது. மேட்டில் ஏறி நெஞ்சு அடித்து, ஒன்றும் நடக்காமல் தானாகவே தணிவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது அந்தப் பாடம் மாறுகிறது. அதனால் அடுத்த முறை சட்டென்று நிற்காதீர்கள்; வேகத்தைக் குறைத்து நடந்துகொண்டே இருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். நெஞ்சுவலி, மயக்கம், ஓய்விலும் அடங்காத படபடப்பு என்றால் மட்டும் உடனே வாருங்கள்.

ஒரு நடை முடிந்த சில மணி நேரம் மனசு லேசாக இருப்பது முதல் வாரமே தெரிந்தது. ஆனால் அடிமட்டப் பதற்றம் அப்படிச் சீக்கிரம் இறங்கவில்லை. எனக்குப் பத்தாவது வாரம் வாக்கில்தான் தெரிந்தது, அதுவும் தற்செயலாக. இரவு கைபேசி ஒலித்தது, எடுத்துப் பேசினேன், வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது: வயிற்றில் எதுவும் விழவில்லை. காலையில் படுக்கையிலேயே எண்ணும் நாடித் துடிப்பு 92-இலிருந்து 78-க்கு வந்திருந்தது. அதில் மாத்திரைக்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

காரணங்கள் எதுவும் மாறவில்லை. மாமியாரின் சர்க்கரை, வீட்டுக் கடன், தலைமையாசிரியரின் குரல் எல்லாம் அப்படியே. நான் தாமதமாக வருவதால் மாலைக் காபியைக் கணவர் போடப் பழகினார். முதல் வாரம் முகம் தூக்கிவைத்துக்கொண்டுதான். மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வாரம் நடை நின்றது. மூன்று மணி விழிப்பு திரும்பி வந்தது.

இப்போது வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம். போன மாதம் காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டேன். எழுந்த அன்று மறுபடி ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கினேன். பிள்ளையார் கோயில் வரை போய், திரும்பி வந்தேன்.