"உடலில் இருந்தது" என்ற வாக்கியம்

முதன்முறையாக மாநிலத் தடகளப் போட்டிக்குச் செல்லவிருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு, தடைசெய்யப்பட்ட பொருள்களைப் பற்றித் தமிழில் விளக்குமாறு பெங்களூருவில் என்னைக் கேட்டிருந்தார்கள். ஊக்கமருந்து விதி முதலில் ஓர் இலக்கணச் சிக்கலாகவே எனக்குத் தென்பட்டது. 'உடைத்தேன்' என்பதும் 'உடைந்தது' என்பதும் ஒன்றல்ல என்று தமிழ்க் குழந்தைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவதில் செய்தவர் இருக்கிறார், இரண்டாவதில் இல்லை. விதியோ 'உட்கொண்டாள்' என்று நிறுவுவதில்லை. மாதிரியில் பொருள் 'இருந்தது' என்றாலே மீறல் நிகழ்ந்துவிடுகிறது. யார் கொடுத்தார், தெரிந்தா தெரியாமலா என்ற வினாக்கள் தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும்போதுதான் எழுகின்றன.

அவர்களுக்கு நான் எடுத்துக்காட்டியது கர்நாடகத்தின் அஸ்வினி அக்குஞ்சியின் வழக்கு. 2010 குவாங்சௌ ஆசிய விளையாட்டில் இரண்டு தங்கம் வென்றவர். 2011இல் அவரும் வேறு சில ஓட்டவீராங்கனைகளும் அனபாலிக் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினர். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் சீனாவிலிருந்து வாங்கிவந்த ஜின்செங்கில்தான் அது கலந்திருந்தது என்பது அவர்களது வாதம். இந்திய ஒழுங்குக் குழு அவர்களது தவறு சிறிது என்று கருதி ஓராண்டுத் தடை விதித்தது. உலகத் தடகளக் கூட்டமைப்பு மேல்முறையீடு செய்தது. 2012 ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் தடையை இரண்டாண்டாக்கியது. கலப்படம் நிகழ்ந்திருக்கலாம் என்பது மட்டும் போதவில்லை. அனுபவமுள்ள வீராங்கனை பயிற்சியாளர் நீட்டியதை விசாரிக்காமல் விழுங்கலாமா என்பதே கேள்வியாயிற்று.

பிள்ளைகளுக்கு இது அநீதியாகப் பட்டது. எனக்கும் ஓரளவு அப்படித்தான். ஆனால் 'தெரியாது' என்ற சொல்லே விடுதலை தருமானால், பக்கத்துத் தடத்தில் எதையும் உட்கொள்ளாமல் ஓடி நான்காவதாக வந்தவளுக்கு என்ன பதில்? இளையோரிடம் விதி சற்று இளகவும் செய்கிறது. பதினாறு வயது நிரம்பாதவர் 'பாதுகாக்கப்பட்டவர்'. பொருள் எப்படி உடலுக்குள் வந்தது என்று அவர் நிறுவ வேண்டியதில்லை. தவறு பெரிதன்று என்று காட்டினால் வெறும் எச்சரிக்கையோடு முடியலாம்.

சத்துமாவு டப்பாவைப் பற்றியே கேட்பார்கள் என்று எண்ணியிருந்தேன். ஒரு சிறுமி பையிலிருந்து இருமல் மருந்துப் புட்டியை எடுத்து, "அக்கா, டாக்டர் கொடுத்ததுகூடவா?" என்றாள். சிட்டையின் பொடி எழுத்தில் டெர்பியூட்டலின் இருந்தது. நம் நாட்டு இருமல் மருந்துகள் பலவற்றில் இருக்கும் அந்தப் பொருளுக்குப் போட்டிநாளில் மட்டுமன்றி எந்நாளும் தடை. மருத்துவர் சீட்டு மட்டும் இருந்தால் போதாது. அது இல்லாத வேறு மருந்தைக் கேட்க வேண்டும், அதுதான் வேண்டுமென்றால் மருத்துவப் பயன்பாட்டு விலக்குக்கு விண்ணப்பிக்க வேண்டும். அன்று மாலையே தன் அம்மாவோடு மருத்துவரிடம் திரும்பிப் போவதாகச் சொன்னாள். பெயரை அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள, நான் எழுத்துக்கூட்டிச் சொன்னேன்.