தந்தையார்க்கு ஒரு மடல்

ஜூன் திங்களின் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினமென்று வழங்கப்படுகின்றது. தாயை இழந்த பிள்ளைகளைத் தனித்து வளர்த்த தம் தந்தையை நினைந்து, அமெரிக்க நாட்டு ஸ்போக்கேன் நகரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்னும் மாது 1910ஆம் ஆண்டில் தொடங்கிவைத்த வழக்கம் இது. இவ்வாண்டு எம் ஆலயத்துக் குருவானவர், வாலிபர் ஒவ்வொருவரும் தந்தைக்கு ஒரு மடல் எழுதித் தருக என்று பணித்தார். தந்தையாரோடு ஓயாது வழக்காடும் எமக்கு இது எளிய பணியன்று.

அவ்வழக்கு வேத வாசிப்பைப் பற்றியது. எம் இல்லத்தில் இராச் ஜெபத்திற்கு 1871இல் வெளிவந்த பவர் ஐயர் திருத்தமே வாசிக்கப்படும். தமிழ் பயிலும் செருக்கினால் யாம் ஓரிரவு 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தை விரித்து வாசித்தோம். 'தேவன்' என்றிருக்க வேண்டிய இடத்தில் 'கடவுள்' என்று கேட்டதும் தந்தையார் கையுயர்த்தித் தடுத்தார். பிள்ளைகள் பெற்றோர்க்குக் கீழ்ப்படிக என்னும் எபேசியர் ஆறாம் அதிகாரத்து முதல் வசனத்தை அவர் நினைப்பூட்டினார். பிள்ளைகளைக் கோபமூட்டற்க எனத் தந்தையரை எச்சரிக்கும் நான்காம் வசனத்தை யாம் எடுத்துக் காட்டினோம். அத்தோடு நில்லாது, "எட்டாம் வகுப்போடு நின்ற உங்களுக்கு மொழிபெயர்ப்பைப் பற்றி என்ன தெரியும்?" என்றும் கேட்டுவிட்டோம். அவர் விளக்கைத் தணித்துவிட்டு எழுந்து சென்றார்.

மடலை மும்முறை எழுதினோம். முதலாவது, பழைய நடையின் குறைகளை அடுக்கிய வாதமாக முடிந்தது. இரண்டாவது வெறும் புகழ்ச்சி; எவர் தந்தைக்கும் பொருந்துவதாயிருந்தது. இரண்டையும் கிழித்தோம். அப்பொழுது தாயார் ஒரு செய்தி சொன்னார்: பள்ளி காணாத எம் பாட்டியார் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது அப்பழைய வேதத்தில்தானாம், விரல் வைத்து அவர் வாசிப்பதைக் கேட்டே தந்தையார் வளர்ந்தாராம். தந்தையார் காத்தது ஒரு மொழிபெயர்ப்பை அன்று, தம் தாயின் குரலை என்பது அன்றே எமக்கு விளங்கிற்று.

மூன்றாம் மடல் இது:

"அன்புள்ள அப்பா, புதிய மொழிபெயர்ப்பே தெளிவானது என்னும் எம் கருத்து மாறவில்லை. ஆயினும் உங்கள் படிப்பைச் சுட்டிப் பேசிய சொல் தவறு. அதற்காக மன்னிப்புக் கேட்கின்றோம். நீங்கள் எட்டாம் வகுப்போடு நின்றதனாலன்றோ உங்கள் தம்பியர் படித்தனர்? அதனை அறிந்திருந்தும் அவ்வாறு பேசினோம். பாட்டி வாசித்த விதத்தை எமக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்."

ஆலயத்தில் மடலை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார், ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு ஜெபத்தின்போது பழைய வேதத்தில் ஒரு சங்கீதத்தை, சொல் சொல்லாக நிறுத்தி, தாமே வாசித்தார். பின்பு, "இனி உன் புத்தகத்திலும் அதையே வாசி, கேட்போம்" என்றார். வாசித்தோம். நான்காம் அடியில் ஒரு சொல் சரியன்று என்றார். யாம் மறுத்தோம். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. ஆனால் அன்று எவரும் விளக்கைத் தணித்துவிட்டு எழுந்து செல்லவில்லை.